ஆச்சி டை அடிப்பதை நிறுத்தியபோது

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. டை அடிக்கிற பெண்களின் நாட்காட்டி இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. அடித்த பத்தாம் நாள் காதோரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். மூன்றாவது வாரம் வகிட்டின் இரு பக்கமும் அரை சென்டிமீட்டருக்கு மேல் வெளுத்துவிடும். நடுவகிடு எடுத்து இறுக்கிப் பின்னுகிற நம் ஊர்ப் பழக்கத்தில் அந்தக் கோட்டை மறைக்க வழியில்லை. அடுத்த விசேஷத்துக்கு முன்னால் மறுபடி கிண்ணத்தை எடுக்க வேண்டியதுதான்.

என் பெரியம்மா இந்தக் கணக்கை இருபது வருடத்துக்கு மேல் தவறாமல் பார்த்தவர். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் பேத்திகளுக்கு ஆச்சி. இந்தக் கட்டுரையிலும் அவரை ஆச்சி என்றே சொல்கிறேன். அவர் கதையை எழுத நினைத்ததற்குக் காரணம், டையை விட்டது அவர் எடுத்த திடீர் முடிவு அல்ல என்பதுதான். உடம்பு ஒரு காரணத்தைக் கொடுத்தது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் போலப் போனது. பிறகு வெள்ளை முடி முழுதாக இறங்கி வர மூன்று வருடம் ஆனது. இந்த இரண்டு கட்டத்திலும் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயதில் நெற்றிப்பொட்டு ஓரங்கள் வெளுத்தன. வகுப்பில் ஒரு மாணவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டை வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்போதிலிருந்து அது ஒரு ரகசிய வேலை. தெருமுனைக் கடையில் வாங்கமாட்டார், மார்க்கெட் பக்கம் போகும்போது நாலு பாக்கெட்டாக வாங்கி வைப்பார். விடிவதற்கு முன்னால் எழுந்து, பிளாஸ்டிக் கிண்ணத்தில் பவுடரைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் வகிடு வகிடாகப் பிரித்துத் தடவுவார். நெற்றியில் கறை பிடிக்காமல் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார். தாத்தா எழுந்து வரும்போது தலை அலசி, துண்டு கட்டி, காபி கலந்துகொண்டிருப்பார். தாத்தாவுக்கு ஐம்பதிலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரே வீட்டில், ஒரே வயதுக்கு இரண்டு விதமான நியாயம் இருந்தது. அது எனக்கு இன்றைக்கும் கசப்பாகவே இருக்கிறது.

அந்தக் கிண்ணத்தில் இருந்தது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றின் உயிர், பாராஃபினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள். சுருக்கமாகப் பிபிடி. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செயற்கைச் சாய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. கம்பளி ரோமத்துக்கும் விலங்குத் தோலுக்கும் நிறமேற்றப் பயன்பட்ட பிறகு மனிதத் தலைக்கு வந்து சேர்ந்தது. 1907 வாக்கில் பாரிசில் யூஜின் ஷூலர் என்ற வேதியியலாளர் செயற்கை முடிச் சாயம் செய்து முடிதிருத்துவோருக்கு விற்கத் தொடங்கினார். அவருடைய கம்பெனிதான் பின்னாளில் லோரியல் ஆனது.

பிபிடி தானாகக் கறுப்பு அல்ல. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. அதனால் முடியின் மேலே செதில் செதிலாக மூடியிருக்கும் அடுக்கைத் தாண்டி உள்ளே புகுந்துவிடும். உள்ளே போனதும் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து, பெரிய கறுப்பு மூலக்கூறாகிறது. பெரிதாகிவிட்டதால் வெளியே வர முடியாது. எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் டை போகாமல் நிற்பது இதனால்தான். கிரீம் வகைகளில் ஆக்சிஜனைத் தருவது தனி பாட்டிலில் வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணீரில் குழைக்கும் பவுடர்களில் அந்த வேலையைச் செய்யும் உப்பும் பவுடரோடு கலந்தே இருக்கும்.

முழுதாகக் கறுத்து முடிக்குள் அடைபட்ட சாயத்தால் தோலுக்கு ஆபத்து கிடையாது. ஆபத்து நடுவழியில் இருக்கிறது. பிபிடி பாதி மாறிய நிலையில் தோலுக்குள்ளும் கொஞ்சம் இறங்குகிறது. உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அதை ஒருநாள் பகையாளி என்று குறித்து வைத்துக்கொண்டால், அந்தக் குறிப்பு பிறகு அழிவதே இல்லை. முதல் தடவையிலேயே அப்படி ஆகலாம், இருநூறாவது தடவையிலும் ஆகலாம். அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இந்தப் பிபிடியைத்தான்.

ஆச்சிக்கு அது அறுபத்தாறு வயதில் நடந்தது. ஒரு திங்கட்கிழமை இரண்டு கண் இமையும் வீங்கி அரித்தன. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாலைந்து நாளில் வடிந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தது. இந்த முறை தூசி என்றார்கள். அடுத்த முறை கத்தரிக்காய், அதற்கடுத்த முறை புதுச் சோப்பு. டை மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காரணம், வீக்கம் டை அடித்த அன்றைக்கு வரவில்லை. சனிக்கிழமை விடியலில் அடித்தால் திங்கட்கிழமைதான் வந்தது. பிபிடி ஒவ்வாமை இப்படித் தாமதித்து வருகிற வகை. ஒரு நாளில் இருந்து மூன்று நாள் வரை ஆகும்.

இன்னொன்றும் சேர்ந்து ஏமாற்றியது. மருந்து பட்ட இடம் தலை. ஆனால் தலைத்தோல் தடிமனானது, அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. இமையின் தோல் உடம்பிலேயே மெல்லியது. தலை அலசும்போது வழிகிற தண்ணீர் போதும், இமை வீங்கிவிடும். நெற்றி ஓரம், காது மடல், காதுக்குப் பின்னால், பிடரி ஆகிய இடங்களிலும் சிவந்து அரிக்கும். டை ஒவ்வாமையை அடையாளம் கண்டுகொள்ள இந்த வரைபடம்தான் உதவும்: மயிர் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம், கூடவே இமைகள்.

வீக்கம் வந்து வந்து போனதில் நெற்றியின் இரு பக்கமும் சாம்பலும் பழுப்புமாகக் கறுக்கத் தொடங்கியது. ஆச்சி அதை மங்கு என்று நினைத்து மஞ்சள் அரைத்துப் போட்டார். மங்கு பெரும்பாலும் கன்னத்திலும் மூக்கின் மேலும் பரவும். இது மயிர் ஓரத்திலிருந்து கீழே இறங்கியது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் ஒவ்வாமை சில சமயம் சிவப்பாகத் தெரியாமல் இப்படிக் கறுப்பாகவே படிந்துவிடும். அரிப்புகூட இல்லாமல் நிறம் மட்டும் ஏறுகிறவர்களும் உண்டு. அவர்கள் வருடக்கணக்கில் முகத்துக்குக் கிரீம் மாற்றிக்கொண்டிருப்பார்கள், தலைக்குப் போடும் டையை மாற்றமாட்டார்கள்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காதை மடக்கிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு, “கடைசியா எப்போ டை போட்டீங்க?” என்று கேட்டார். ஆச்சி என்னைப் பார்த்தார். நான் கூட இருக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு அத்தனை கூச்சம். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன்.

தோல் ஆறிய பிறகு ஒட்டுப் பரிசோதனை செய்தார்கள். முதுகின் மேற்பகுதியில் சின்னச் சின்ன வட்டங்களில், சந்தேகப்படும் பொருள்களை வாஸ்லின் போன்ற களிம்பில் கலந்து வைத்து ஒட்டுவார்கள். பிபிடி அதில் 1 சதவீதம் இருக்கும். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கிற வேலை கூடாது. இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், அதற்கு அடுத்த ஓரிரு நாளில் இன்னொரு தடவை பார்ப்பார்கள். ஆச்சிக்கு ஒரே ஒரு வட்டம் சிவந்து தடித்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கட்டியிருந்தது.

“இத்தனை வருஷம் ஒத்துக்கிச்சே டாக்டர்” என்றார் ஆச்சி. இனிமேல் ஒத்துக்கொள்ளாது, எப்போதுமே ஒத்துக்கொள்ளாது என்று அந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். கம்பெனி மாற்றினாலும் பயனில்லை. பிபிடி இல்லாதது என்று அட்டையில் போட்டிருக்கும் சில டைகளில் அதற்குப் பதிலாக டொலுயீன் டையமின் இருக்கும். இரண்டும் உருவத்தில் அக்கா தங்கை. ஒன்றைப் பகையென்று எடுத்துக்கொண்ட உடம்பு மற்றதையும் பெரும்பாலும் விடாது. நம் ஊரில் பலர் செய்வது போல, அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு டை அடிப்பதையும் அவர் கண்டித்தார். அந்த மாத்திரைகள் உடனே தடிக்கிற ஒவ்வாமையை அடக்குபவை. பிபிடி ஒவ்வாமையை நடத்துவது வேறு செல்கள். மாத்திரை அவற்றைத் தடுக்காது. அரிப்பு கொஞ்சம் குறைந்தது போலிருக்கும், அந்தத் தைரியத்தில் அடுத்த தடவையும் அடிப்பார்கள். ஒருநாள் கண்ணே திறக்க முடியாதபடி முகம் வீங்கும்.

ஆச்சி அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. ஹென்னாவில் கறுப்பு வருகிறதே, இயற்கைதானே என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். இதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மருதாணி இலைக்குக் கறுப்பு நிறம் தரத் தெரியாது. வெள்ளை முடியில் அது ஆரஞ்சும் செம்பழுப்புமாகத்தான் பிடிக்கும். இலையை வைத்தே கறுப்பு வேண்டுமென்றால் மருதாணிக்கு மேல் அவுரி இலைப்பொடி வேண்டும்; இரண்டையும் மணிக்கணக்கில் ஊற விட வேண்டும், நிறமும் ஓரிரு நாளில்தான் முழுதாக ஏறும். அரை மணி நேரத்தில் அட்டக் கறுப்பு தருகிற ஹென்னா பாக்கெட்டில் பெரும்பாலும் பிபிடி கலந்திருக்கும். அட்டையின் முன்பக்கம் எத்தனை மூலிகைப் படம் இருந்தாலும், பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பட்டியலைப் படிக்க வேண்டும். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இருந்தது. பாக்கெட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

சுத்தமான மருதாணியும் அவுரியும் போட்டிருக்கலாம், பலர் போடுகிறார்கள். ஆனால் அதுவும் மூன்று வாரத் தவணைதான், அரை நாள் வேலை வேறு. அறுபத்தேழு வயதில் அதற்குத் தனக்குத் தெம்பில்லை என்று ஆச்சி முடிவு செய்தார். அந்தத் தை மாதம் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் குப்பையில் போட்டார்.

முதல் மாதம் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாம் மாதம் முடிகையில் வகிட்டுக்கு இரு பக்கமும் 2 சென்டிமீட்டர். பக்கத்துக்கு 2 என்றால் பார்க்கிறவர் கண்ணுக்கு 4 சென்டிமீட்டர் அகல வெள்ளைப் பட்டை. அதை ஒட்டி அட்டக் கறுப்பு. அந்த நேர்க்கோட்டைக் கண்டு நாலு வயசுப் பேரன், “ஆச்சி, தலையில சுண்ணாம்பு ஒட்டிருக்கு” என்றான். பெரியவர்கள் அப்படி நேராகச் சொல்லவில்லை. “என்ன மதினி, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா?” என்று கேட்டார்கள். சுமங்கலிப் பெண் தலையை இப்படி விடலாமா என்று ஒரு உறவுக்காரம்மா வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ஆச்சி அழுதார்.

டையை விட நினைப்பவர்களில் பலர் திரும்பிப் போவது இந்த மூன்றாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள்தான் என்று நினைக்கிறேன். பட்டை பளிச்சென்று தெரிகிற காலம் அது. ஆச்சிக்கும் நடுவில் ஒரு கல்யாணம் வந்தது. அவர் செய்தது, நடுவகிடை விட்டு வகிடே எடுக்காமல் முடியைப் பின்னோக்கி வாரியது. கோடு கலைந்துபோனது. பிறகு கொண்டை. இதில் ஒரு வசதி உண்டு. முடியின் நுனிதான் பழைய கறுப்பு, அது கொண்டைக்குள் சுருண்டு போய்விடும். மேலே தெரிவது புதிதாக முளைத்த வெள்ளை. மல்லிகைச் சரத்தைக் கொண்டையைச் சுற்றி வைத்ததில், இரண்டு நிறமும் சந்திக்கிற இடம் பூவுக்குள் போய்விட்டது.

பார்லரில் ஒரு குறுக்கு வழி சொன்னார்கள். கறுத்த பகுதியை பிளீச் செய்து வெளுக்க வைத்து, வெள்ளையோடு ஒன்றாக்கிவிடலாமாம். இருபது வருடம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய கறுப்பு ஒரு தடவையில் கழலாது. ஆரஞ்சில் போய் நிற்கும், மறுபடி மறுபடி பிளீச் செய்ய வேண்டும், முடி வைக்கோலாக உடையும். பிளீச் பவுடரில் இருக்கும் பெர்சல்பேட் உப்புகளும் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஆச்சி அதற்குப் பதிலாக, இடுப்பு வரை இருந்த முடியைத் தோளுக்குச் சற்றுக் கீழே வெட்டிக்கொண்டார். அந்த நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். மாதம் 1 சென்டிமீட்டர் என்றால் முழு வெள்ளை வர மூன்று வருடம். இடுப்பு நீளத்தை அப்படியே வைத்திருந்தால் ஐந்து வருடத்தைத் தாண்டியிருக்கும். பையனைப் போலக் குட்டையாக வெட்டிக்கொள்கிறவர்களுக்கு ஆறேழு மாதத்தில் முடிந்துவிடும்.

மறைந்திருந்ததைப் பார்க்கிற வியப்பும் அந்த மூன்று வருடத்தில் இருந்தது. தன் தலை முழுக்கப் பஞ்சு என்றே ஆச்சி நினைத்திருந்தார். இல்லை. முன்னெற்றியும் நெற்றிப்பொட்டுகளும் தூய வெள்ளை, உச்சி சாம்பல், பிடரியில் பாதிக்கு மேல் கறுப்பாகவே இருந்தது. ஏற்கெனவே வளர்ந்த முடி நரைப்பதில்லை. ஒவ்வொரு முடியின் வேரிலும் நிறம் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்களின் சேமிப்பு தீர்ந்த வேரிலிருந்து அடுத்து முளைக்கிற முடி நிறமில்லாமல் வருகிறது. எந்த வேரில் எப்போது தீரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். டை போட்டவரைக்கும் இந்த மாற்றம் எதுவும் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. தாத்தா ஒருநாள் அவர் பின்னால் நின்று, “உங்கம்மாவுக்கு இப்படித்தான இருந்துச்சு” என்றார். ஆச்சிக்கும் அதுதான் ஞாபகம் வந்திருந்தது.

இரண்டாம் வருடம் வெள்ளை மஞ்சளடிக்கத் தொடங்கியது. நிறமில்லாத முடி எதையும் மறைக்காது. மூலிகை போட்டுக் காய்ச்சிய பச்சை எண்ணெய், சீயக்காய், போர்த் தண்ணீரின் உப்பு, வெயில் என எல்லாமே அதில் நிறமாகப் படியும். ஆச்சி மூலிகை எண்ணெயை விட்டுத் தெளிந்த தேங்காய் எண்ணெய்க்கு வந்தார், அதையும் குளிப்பதற்கு முன்னால் தடவி அலசிவிடுவார். பேத்தி ஊதா நிற ஷாம்பு வாங்கிக் கொடுத்தாள். ஊதா மஞ்சளைத் தணித்துக் காட்டும். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடம் போதும். அதிக நேரம் விட்டால் முடி இளம் ஊதாவாகிவிடும். அதையும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் ஆச்சி தலைக்குப் போட்டார். வயதானால் தலையில் எண்ணெய்ப் பசை சுரப்பதும் குறைகிறது. அதனால் முடி முன்பைவிட வறண்டு விறைப்பாகத் தெரியும். வாரம் மூன்று தலைக்குளியலை இரண்டாகக் குறைத்ததில் அது சரியானது.

இமை வீக்கம் டையை விட்ட மறுநாளிலிருந்தே திரும்பி வரவில்லை. நெற்றிக் கறுப்பு அவ்வளவு லேசில் போகவில்லை. தோலின் ஆழத்தில் இறங்கிய நிறம் அது. வெயிலில் போகும்போது குடையும், மருத்துவர் தந்த களிம்புமாக, இரண்டு வருடத்தில் பாதிக்கு மேல் மங்கியது. ஓரத்தில் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார், ‘பிபிடி ஒவ்வாமை’ என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தது. சில துணிச் சாயங்களுக்கும், பென்சோகெயின் கலந்த மரத்துப்போகும் களிம்புகளுக்கும், சில சல்ஃபா மருந்துகளுக்கும் அந்த ஒவ்வாமை நீளக்கூடும் என்பதால், எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுகிறார். பேத்தி பள்ளிச் சுற்றுலாவில் கையில் கறுப்பு மருதாணி டிசைன் போட்டு வர ஆசைப்பட்டபோது, வேண்டாம் என்று சொன்னதும் ஆச்சிதான். அந்தக் கறுப்பிலும் பெரும்பாலும் இதே பிபிடிதான், அதுவும் நேராகத் தோல் மேல்.

என் அம்மா இன்னும் டை அடிக்கிறார். ஆச்சியைவிட ஏழு வயது இளையவர், இப்போதைக்கு விடுகிற எண்ணம் இல்லை. “ஒனக்குப் புடிச்சிருந்தா போடு, நான் யாரு கேக்க?” என்கிறார் ஆச்சி. ஆனால் அக்காவாக ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் முன்னால், காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். அரிப்பில்லாவிட்டாலும் அதுவே முழு உத்தரவாதம் ஆகாது, இமை லேசாகக் கனத்தாலும் உடனே போன் செய்ய வேண்டும். அம்மா சனிக்கிழமை அடிப்பார். திங்கட்கிழமை காலையில் ஆச்சியே போன் செய்துவிடுகிறார்.